ரிட்டர்ன் கிஃப்ட் பெட்டியும் நமுத்துப் போன முறுக்கும்

நிச்சயதார்த்த வீட்டில் புடவைக்கு மூன்று நாள் அலைவார்கள், மேடைப் பூவுக்கு இரண்டு நாள் பேசுவார்கள். வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்பும் பலகாரப் பெட்டிக்கு மட்டும் ஐந்து நிமிடம்தான். "அஞ்சு அயிட்டம் போட்டு ஒரு பாக்ஸ், பார்க்க ரிச்சா இருக்கணும்" என்று கடையில் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். நாலு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சு காற்றில் வரும். "லட்டு கல்லு மாதிரி, முறுக்கு நமுத்துப் போச்சு, குழந்தை வாயில வைக்கல." அப்புறம் அந்தப் பேச்சு கல்யாணம் வரைக்கும் ஓடும். சம்பந்தி வீடு முதன்முதலில் நம் வீட்டு வாசலிலிருந்து எடுத்துக்கொண்டு போகும் சாப்பாட்டுப் பொருள் அது என்பதால், சின்ன விஷயம் என்று தள்ளவும் முடியாது.

பிரச்சினை கடைக்காரரிடம் மட்டும் இல்லை. பெட்டியைக் கட்டும் நாளை வைத்துப் பலகாரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் தப்பு. கடைசித் துண்டு சாப்பிடப்படும் நாளை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். சனிக்கிழமை பெட்டி கட்டினால்தான் ஞாயிறு காலை மண்டபத்துக்கு வந்து சேரும். சனிக்கிழமை கட்ட வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையே பலகாரம் செய்தாக வேண்டும். ஞாயிறு மதியம் கையில் வாங்கிய சென்னைக்காரர் ராத்திரி பஸ் பிடித்து திங்கள் காலை வீடு சேர்வார். அன்று சாயங்காலம் பெட்டியைப் பிரிப்பார்கள். யாரும் ஒரே நாளில் தீர்க்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு தினம் ஒன்று என்று வியாழன் வரை போகும். வெள்ளியில் பிறந்த பலகாரம் அடுத்த வியாழன் வரை, அதாவது ஆறு நாள், ஃபிரிட்ஜ் இல்லாமல் தாங்க வேண்டும். நடுவில் ஒரு மண்டபம், ஒரு பஸ், ஒரு வெயில் நாள்.

இந்த ஆறு நாள் கணக்கை வைத்தாலே பாதி அயிட்டங்கள் தானாகக் கழன்றுவிடும். பால் சமாச்சாரம் எல்லாம் அவுட். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமை உள்ளதுதான், ஆனால் அதை வாங்கி வந்து இரண்டு மூன்று நாளில் தின்று தீர்க்க வேண்டும், பெட்டியில் பூட்டி ஊர் சுற்றக்கூடாது. ரசகுல்லா, கலாகந்த், பால் பேடா எல்லாம் இதே வகைதான். பச்சைத் தேங்காய் போட்ட பர்பியும் இப்படித்தான். மேலே பார்க்க நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் அடியில் புளித்த வாடை வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல், சில்லறையாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்கச் சொன்னது. அந்தச் சின்ன அட்டையைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுப்பவர்கள் எத்தனை பேர்? கடைக்காரரிடம் "ஃப்ரெஷ்ஷா இருக்குமா?" என்று கேட்டால் உலகத்தில் எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான். "எப்போ செய்வீங்க, எந்தத் தேதி வரைக்கும் தாங்கும்?" என்று கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

அடுத்தது, எல்லாரும் செய்யும் ஒரு தப்பு. லட்டும் முறுக்கும் ஒரே பெட்டியில். பார்க்க அழகான ஜோடிதான், ஆனால் ஆகவே ஆகாது. பூந்தி லட்டு பாகில் ஊறியது, உள்ளே ஈரம் உண்டு. முறுக்கு எண்ணெயில் வெந்து ஈரமெல்லாம் போனது. இரண்டையும் ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்தால் லட்டின் ஈரம் காற்று வழியாக மெல்ல முறுக்குக்குப் போகும். இரண்டும் சமமாகும் வரை விடாது. முடிவில் லட்டு காய்ந்து கல்லாகும், முறுக்கு ஈரம் வாங்கி நமுத்துப் போகும். சரியாகச் செய்த இரண்டு பலகாரமும் ஒன்றையொன்று கெடுத்துவிடும், கெட்ட பெயர் மட்டும் மாஸ்டருக்கு! நடுவில் ஒரு அட்டைத் தடுப்போ பட்டர் பேப்பரோ வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. காகிதம் எண்ணெயை நிறுத்தும், நீராவியை நிறுத்தாது. கவரில் போட்டு ஸ்டேப்ளர் பின் அடிப்பதும் வீண்தான். அந்த இடுக்கு வழியாகவே காற்று போய் வரும், பின் கழன்று குழந்தை வாயில் போகும் ஆபத்து வேறு. கொஞ்சம் கனமான கவரில் போட்டு, சூடு வைத்து ஒட்டும் சீலிங் மெஷினால் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு பலகாரத்துக்கும் தனித்தனிக் கவர். பெட்டி என்பது அந்தக் கவர்களைச் சுமக்கும் கூடை, அவ்வளவுதான்.

ஒட்டும் நேரமும் முக்கியம். அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு கவரில் போட்டால் உள்ளே வியர்த்து விடும். அந்தத் துளிகள்தான் பிறகு பூசணமாகும். ஆறட்டும் என்று ராத்திரி முழுக்கத் தட்டில் திறந்து வைத்தாலும் தப்பு, மழைக்காலக் காற்றே முறுக்கை நமுக்க வைத்துவிடும். தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியதும் அன்றே ஒட்டிவிட வேண்டும். ஒட்டி ஒரு மணி நேரம் கழித்து கவரின் உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி இருந்தால் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். உடனே பிரித்து ஆறவிட்டு வேறு கவரில் போட வேண்டியதுதான்.

கெடாமல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கடலை மிட்டாய் மாதக்கணக்கில் தாங்கும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-லேயே புவிசார் குறியீடு கிடைத்தாகிவிட்டது. ஆனால் பெட்டி போகும் வீட்டில் எழுபது வயது ஆச்சியும் இருப்பார், மூன்று வயதுப் பேத்தியும் இருப்பாள். ஆச்சிக்குப் பல் இல்லை. பேத்திக்குப் பல் இருக்கிறது, மெல்லத் தெரியாது. முழுக்கடலையும் முழு முந்திரியும் நாலைந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும் பொருட்கள். பொரிவிளங்காய் உருண்டையை ஆச்சி பார்த்துப் பெருமூச்சு விடலாம், கடிக்க முடியாது. அதனால் பெட்டியில் குறைந்தது ஒன்றாவது நாக்கும் அண்ணமும் சேர்ந்து கரைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். சாக்லேட் போட்டால் பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்பார்கள். நம்மூர் வெயிலில் பூட்டிய காருக்குள் அரை மணி நேரம் இருந்தால் அது சாக்லேட் இல்லை, குழம்பு. கேக், பிஸ்கட் வகையென்றால் முட்டை உண்டா என்ற கேள்வி சம்பந்தி வீட்டில் வரும். அந்தக் கேள்வியே வேண்டாம்.

சர்க்கரை வியாதிக்காரருக்கு என்று "சுகர் ஃப்ரீ" இனிப்பு சேர்ப்பது இப்போது நாகரிகம். மாவும் நெய்யும் அதிலும் உண்டு, அதனால் தாராளமாகச் சாப்பிடலாம் என்று ஆகாது. சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் சில இனிப்பூட்டிகள் கொஞ்சம் கூடினால் வயிற்றையும் கலக்கும். அதைவிடத் துண்டுகளைச் சின்னதாகப் போடச் சொல்வது நேர்மையான வழி. ஆசைக்கு ஒன்று எடுத்துக்கொண்டு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, என்னதான் போடுவது? மூன்றே மூன்று. நெய் மைசூர்பாகு, மாலாடு, தேன்குழல்.

மைசூர்பாகில் கடலைமாவு நெய்யில் வறுபட்டு, பாகும் கெட்டிப்பட்டு, ஈரம் மிகக் குறைவாக நிற்கும். அதனால் ஆறு நாள் சாதாரணமாகத் தாங்கும். உடைக்கச் சுத்தியல் தேவைப்படும் பழைய வகை வேண்டாம், மிருதுவான வகை. கோடையில் நெய் கசிந்து பெட்டியில் கறை போடும், கவருக்குள் அடியில் ஒரு பட்டர் பேப்பர் வைத்தால் தீர்ந்தது. மாலாடு பொட்டுக்கடலை மாவு, பொடித்த சர்க்கரை, காய்ச்சிய நெய், ஏலக்காய் மட்டும். தண்ணீரே சேராதது, வாயில் கரைவது. ஆச்சிக்கும் பேத்திக்கும் இதுதான். முந்திரி வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், குழந்தைக்கு உதிர்த்துக் கொடுத்தால் நல்லது. தேன்குழல் எதற்கு? மணப்பாறை முறுக்கு இரண்டு முறை எண்ணெயில் வெந்து வருவதால் தனி மொறுமொறுப்பு, 2023-ல் புவிசார் குறியீடும் வந்தது. திருச்சிக்காரர்களுக்கு அதை விட மனம் வராது. ஆனால் வயதானவர் பல்லுக்குத் தேன்குழல்தான் இணக்கம், லேசாக அழுத்தினாலே பொடியும்.

அளவு? ஆளுக்கு ஒரு பெட்டி இல்லை, குடும்பத்துக்கு ஒன்று. முந்நூறு பேர் வரும் விசேஷத்தில் ஏறக்குறைய நூற்றுப்பத்து குடும்பம், கையிருப்போடு 120 பெட்டி. ஒவ்வொன்றிலும் 40 கிராம் மைசூர்பாகு நான்கு, 25 கிராம் மாலாடு நான்கு, தேன்குழல் 100 கிராம். மொத்தம் மைசூர்பாகு 20 கிலோ, மாலாடு 12 கிலோ, தேன்குழல் உடைசலுக்கும் சேர்த்து 13 கிலோ. ஐந்து அயிட்டத்தில் ஆளுக்கு ஒரு துண்டு என்று பிள்ளைகள் சண்டை போடுவதைவிட, மூன்று அயிட்டம் எல்லாருக்கும் வருவது மேல்.

வெற்றிலை பாக்கும் தேங்காயும் இந்தப் பெட்டியோடு சேரவே கூடாது. ஈர வெற்றிலை ஒரு பக்கம், தேங்காயின் கனம் இன்னொரு பக்கம். மண்டப வாசலில் பையைத் தூக்கும்போதே தேன்குழல் மாவாகிவிடும். தாம்பூலத்துக்குத் தனிப் பை, பலகாரத்துக்குத் தனிப் பை.

கடைசியாக ஒரு வேலை. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் அதே கடையில் அதே மூன்றையும் கால் கிலோ வாங்கி, அதே மாதிரி ஒட்டி, அதே பெட்டியில் வைத்து, அலமாரியில் ஆறு நாள் விட்டுவிடுங்கள். ஏழாம் நாள் பிரியுங்கள். தேன்குழல் படக்கென்று உடையாமல் வளைந்தால் கவர் சரியில்லை. மொறுமொறுவென்று இருந்தும் சிக்கு வாடை அடித்தால் பழைய எண்ணெய், கடையை மாற்ற வேண்டும். மாலாட்டில் பழைய நெய் வாடை வந்தாலும் இதே முடிவுதான். மூன்றும் தேறினால் வீட்டிலேயே வயதில் மூத்தவருக்கும் இளையவருக்கும் கொடுத்துப் பாருங்கள், இருவரும் இரண்டாவது கேட்டால் ஆர்டர் கொடுக்கலாம். பெட்டி மூடியின் உள்பக்கம் "இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்" என்று ஒரு சின்னச் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். மணமக்கள் பெயரைத் தங்க எழுத்தில் அச்சடிக்கும் இடத்தில் அதற்கும் ஒரு வரி கிடைக்காமலா போகும்?