கல்லறைச் சுவரை வைத்துக்கொண்டு சமத்துவம் கேட்கலாமா?

மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கலாமா என்று ஆராய 2022இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டு, அக்கேள்வி அரசின் முடிவுக்குக் காத்திருக்கும் வேளையில், விடுதலை இறையியலையும் தலித் இறையியலையும் ஒப்பிட்டுக் கற்கும் இளங்கலைக் கருத்தரங்கக் குழு, சபை மக்களுக்கும் ஏனைய குடிமக்களுக்கும் இவ்வேண்டுகோளை விடுக்கிறது.

வறுமை விதியால் வருவதன்று, நிலமும் மூலதனமும் சிலர் கையில் குவிவதால் உண்டாக்கப்படுவது என்றும், ஆகவே ஏழைகளின் பக்கம் நிற்பதே விசுவாசத்தின் செயல்வடிவம் என்றும் கூறுவது விடுதலை இறையியல். பெரு நாட்டுக் குருவான குஸ்தாவோ குத்தியெரஸ் 1971இல் எழுதிய நூல் அதற்குப் பெயரும் வடிவமும் தந்தது. ஆனால், அதன் வர்க்கப் பகுப்பாய்வைக் கடன்வாங்கிய இந்தியத் திருச்சபையினர் சாதியைக் காணத் தவறினர். 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்த தலித் இறையியல், ஒடுக்கப்பட்டோர் பிறருடைய கரிசனத்துக்கு உரியவர்களாக மட்டும் இராமல், தம் வலியிலிருந்து தாமே கடவுளைப் பற்றிப் பேச உரியவர்கள் என்றது.

இவ்வேறுபாட்டைச் சூசை வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை, ஆதி திராவிடர், கிறிஸ்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்க்கு இலவசப் பெட்டிக்கடை வழங்கும் அரசுத் திட்டம் பட்டியல் சாதியினர்க்கு உரியது என்பதால் அவருக்குக் கடை கிடைக்கவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்ட பின்னரும், கிறிஸ்தவர்க்கு இன்றுவரை கதவடைத்தே நிற்கிறது. அதே தெருவில் அதே தொழிலைச் செய்த, அதே சாதியைச் சேர்ந்த இந்துத் தொழிலாளியும் சூசையும் வறுமையில் ஒன்றே. ஆகவே, வறுமையை மட்டும் அளக்கும் இறையியல் இவ்விருவருக்கும் இடையே அரசு இழுத்த கோட்டை விளக்க இயலாது. மதம் மாறியபின் சாதி தொடரலாம் என்பதை 1985இல் உச்ச நீதிமன்றம் மறுக்கவில்லை. கிறிஸ்தவச் சமூகத்துக்குள்ளும் அதே கொடுமை அதே அளவில் நீடிக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே வழக்கைத் தள்ளியது.

சான்றா இல்லை? திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையைப் பிரித்த சுவர் நெடுங்காலம் எல்லோர் கண்ணெதிரிலும் நின்றது. நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016இல் ஒப்புக்கொண்டது. டெல்லியில் உரிமை கேட்டு ஊர்வலம் போகும் சபை, தன் ஊரில் தனிக் கல்லறையையும் தனிச் சவ வண்டியையும் பாரம்பரியம் என்று காப்பாற்றுவது வெட்கக்கேடு. துயரத்தைப் பேசுவதோடு நின்றுவிடுகிறது, தலித் பெண்களையும் அருந்ததியரையும் போதிய அளவு கேட்கவில்லை என்று தலித் இறையியலின் மீது எழும் விமர்சனம் நியாயமானதே. சுவரை இடிக்காதிருக்க அது சாக்காகாது.

எனவே ஒவ்வொரு பங்கும் சபையும் தன் கல்லறை, திருவிழாத் தேர்ப் பாதை, நிர்வாகக் குழு ஆகியவற்றில் நிலவும் பிரிவினையை எழுத்தில் பதிந்து அரசுக்கு அனுப்பவேண்டும். அனுப்பும் முன்பே சுவரை அகற்றவேண்டும். மறைத்தால், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்னும் வாதத்துக்குச் சாட்சி சொன்னவர்கள் அச்சபையினரே ஆவர்.