ஒயர் கூடைக்கு என்ன விலை சொல்வது?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

என் தம்பி மகள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு ஒயர் கூடை. சிவன் கண் பின்னல், மயில் நீலமும் சந்தன நிறமும். வழக்கமான கூடை இல்லை. அடி தட்டையாக இருக்கிறது, டிபன் டப்பா சாயாது. பக்கவாட்டில் தண்ணீர் பாட்டிலுக்குத் தனி அறை. உள்ளே கழற்றித் துவைக்கிற மாதிரி துணி உறை. அவளே யோசித்துச் செய்தது.

"என்ன விலைம்மா?" என்றேன்.

"250 ரூபாய் பெரியப்பா. ஒயர், கைப்பிடி டியூப், துணி எல்லாம் சேர்த்து 200 ஆகுது. 50 ரூபா லாபம்."

"பின்ன எத்தனை மணி நேரம் ஆகுது?"

"ஒன்பது மணி நேரம் ஆகும்."

முப்பது வருஷம் வணிகவியல் நடத்தியவன் வீட்டிலேயே இந்தக் கணக்கா! ஒன்பது மணி நேரத்துக்கு 50 ரூபாய் என்றால் மணிக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. மணிக்கட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். 'இது கட்டுப்படியாகல, விட்டுடலாமா'ன்னு கேட்கத்தான் வந்திருந்தாள்.

வகுப்பில் மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன், ஞாபகம் இருக்கும். அடக்க விலையோடு லாபம் சேர்ப்பது ஒன்று. போட்டியாளர் விலையைப் பார்த்து வைப்பது இரண்டு. வாங்குபவருக்கு அது எவ்வளவு பெறும் என்று பார்த்து வைப்பது மூன்று. பரீட்சையில் மூன்றுக்கும் நிறை குறை எழுதினால் ஐந்து மதிப்பெண். ஆனால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற கேள்வியே தப்பு என்பது என் கட்சி. மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விக்குப் பதில்.

அடக்க விலையை முதலில் சரியாகப் போட்டோம். பொருளுக்கு 200. கூலி மணிக்கு 50 என்று வைத்தால் 450. பின்னல் கோணிப் பிரித்துப் போடுகிற கூடை, பொதிகிற கவர், போக்குவரத்து என்று கூடைக்கு 50. ஆக 700. தன் கூலியைச் செலவாக எழுதாமல் லாபம் என்று சொல்லிக்கொள்வதுதான் வீட்டில் கைவேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. நாளைக்கு ஆர்டர் கூடி, பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்தால் அவருக்குக் கூலி எங்கிருந்து வரும்?

ஆனால் 700 என்பதை விலை என்று எழுதிவிட முடியாது. அவள் மெதுவாகப் பின்னுகிறாள் என்பதற்காக வாங்குபவர் ஏன் அதிகம் தர வேண்டும்? இருபது கூடை பின்னியபின் அதே வேலைக்கு ஆறு மணி நேரம்தான் ஆகிறது என்றாள். அப்போது கூலி 300, மொத்தம் 550. அதற்காக விலையை 150 குறைப்பதா? கை பழகியதன் பலன் அவளுக்கு வேண்டாமா? அடக்க விலை சொல்வது ஒன்றே ஒன்று: இதற்குக் கீழே விற்றால் பின்னாதே. அது தரை மட்டும்தான்.

அடுத்து போட்டியாளர் விலை. "பஜார்ல கூடை 300 ரூபாய்க்குக் கிடைக்குது பெரியப்பா, என்கிட்ட யார் வாங்குவா?" என்பதுதான் அவளுடைய பெரிய பயம். பஜார் கூடைக்கு ஒயரை மொத்தமாக வாங்குகிறார்கள், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துப் பின்ன வைக்கிறார்கள், ஒரே மாதிரி பின்னிப் பின்னிக் கை ஓடுகிறது. அந்த விலையோடு மோதினால் இவள் தோற்பது நிச்சயம். ஆனால் பஜார் கூடையில் காய்கறி வாங்குவார்கள். இவள் கூடையில் மதியச் சாப்பாடு போகிறது. அது போட்டியாளரே இல்லை. இந்தக் கூடை வராவிட்டால் அந்த அம்மா இன்று எதில் சாப்பாடு கொண்டுபோகிறார் என்று கேட்டால்தான் உண்மையான போட்டியாளர் யார் என்று தெரியும்.

கேட்டோம். பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் அம்மாக்கள் 350 ரூபாய்க்குத் துணி லஞ்ச் பேக் வாங்குகிறார்கள். வருஷம் முடிவதற்குள் ஜிப் போய்விடுகிறது, சாம்பார் கொட்டினால் வாடை போவதில்லை. இரண்டு வருஷத்துக்கு 700 செலவு. ஒயர் கூடையைக் குழாயடியில் காட்டினால் போதும், இரண்டு வருஷத்துக்கு மேலும் தாங்கும். அந்தக் கணக்கில் 700 பெறும்போலத் தெரிகிறது. ஆனால் கூடையில் சூடு நிற்காது. எட்டாம் வகுப்புப் பையன் 'பாட்டி கூடை' என்று தூக்கமாட்டான். இவற்றைக் கழித்தால் அவர்கள் மனதில் 500க்கு மேல் ஏறாது. தரை 550. ஆகவே அவர்கள் நம் வாடிக்கையாளர்கள் இல்லை. எனக்கும் வருத்தம்தான், அவள் மனதில் இருந்தது அவர்கள்தான்.

வேலைக்குப் போகும் பெண்கள் கதை வேறு. அவர்கள் சாப்பாடு போவது ஜவுளிக்கடை கட்டைப்பையில். விலை சுழியம்! பாட்டில் சாய்ந்து ஃபைல் நனைகிறது, பை பார்க்க நன்றாக இல்லை. இதற்கு எவ்வளவு தருவார்கள் என்று காகிதத்தில் கணக்குப் போட முடியாது. சொந்தக்காரர்களிடம் கேட்டும் பயனில்லை. 'ஆயிரம்கூடத் தரலாம்' என்பார்கள், வாங்கமாட்டார்கள். (நம் குடும்பத்தில் 'எனக்கொண்ணு சும்மா பின்னிக் குடு' என்று கேட்ட மூன்று பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அது ஆறு மணி நேரம்.) விலையை எழுதி ஒட்டி, முகம் தெரியாதவர்கள் முன் வைத்தால்தான் தெரியும்.

என்ன விலை எழுதுவது? இங்கேதான் இன்னொரு கணக்கு. ஊரில் ஒரு கடைக்காரர் 30 சதவீதம் கமிஷனுக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார். அவள் 550ஓடு 30 சதவீதம் கூட்டி 715 என்றாள். என் மாணவர்களே, சரியா? 715இல் 30 சதவீதம் 214 ரூபாய் 50 காசு. கைக்கு வருவது 500 ரூபாய் 50 காசு. தரைக்குக் கீழே போய்விட்டது. கமிஷன் விற்கும் விலையில் கணக்காகிறது. எனவே 550ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும்: 786. முழுதாக்கி 800 என்றோம், கைக்கு 560.

"நேரா வாங்குறவங்களுக்கு 600க்குக் குடுக்கட்டுமா?" என்றாள். கூடாது என்றேன். கடையில் 800 கொடுத்தவர் இவளிடம் 600 என்று கேள்விப்பட்டால் கடைக்காரர் கூடையைத் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கும் 800தான். அறிமுக விலை 400 என்று தொடங்குவதையும் தடுத்தேன். முதலில் வாங்குகிறவர் தோழிகளிடம் சொல்வது விலையைத்தான். பிறகு ஏற்றினால் ஏமாற்றுகிறாள் என்று பேர்.

மதுரையில் இரண்டு நாள் கைவினைக் கண்காட்சி. எட்டுக் கூடை கொண்டுபோனாள். ஐந்து விற்றது. நான்கு வேலைக்குப் போகும் பெண்கள், ஒருவர் பரிசுக்கு. "பஜார்ல 300தானே" என்று நகர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்காக விலையைக் குறைக்கவில்லை. ஒன்றுமே விற்காமல், எல்லோரும் விலையை மட்டுமே பேசியிருந்தால் என் கணக்கு தப்பு என்று ஒத்துக்கொண்டிருப்பேன். யாருமே முணுமுணுக்காமல் எட்டும் காலையிலேயே போயிருந்தாலும் தப்புதான், குறைத்து வைத்துவிட்டோம் என்று அர்த்தம். ஐந்து கூடை பெரிய சாட்சி இல்லை. இன்னும் இரண்டு கண்காட்சி பார்க்க வேண்டும்.

தரைக்கு மேல் கூடைக்கு 250 வீதம் 1250 கிடைத்தது. அதில் அரங்க வாடகை 500 போக, நின்ற கால்வலிக்கு 750 ரூபாய். குறைவுதான். ஆனால் ஆறு மணி நேரக் கூலி தனியாகக் கையில் இருக்கிறது.

வாங்கிய ஒரு ஆசிரியை, உறையில் பெயர் தைத்துத் தருவாயா என்று கேட்டாராம். அதற்குத் தனியாக என்ன வாங்குவது என்று நேற்று இரவு போன் செய்தாள். "நூலுக்கு எவ்வளவு ஆகும்னு என்கிட்டச் சொல்லாதே, அவங்க யாருக்காகக் கேட்கிறாங்கன்னு விசாரி" என்றிருக்கிறேன்.