பங்குக்கு மாற்று என்று ஒரு கடன்

சேலையூரிலும் மேடவாக்கத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி ஹால்களில் ஒரு பாடம் நடக்கிறது. முன்பெல்லாம் அங்கே ஒரே வாரத்தில் முடியும் ஆப்ஷனை வாங்கச் சொல்லிக் கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் செபியின் ஆய்வு வந்தது. அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில், ஒரு கோடிக்கும் மேலான தனிநபர் எஃப் அண்ட் ஓ வர்த்தகர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், சராசரியாக ஆளுக்கு இரண்டு லட்சம். இப்போது அதே ஹாலில் அந்த எண்ணையே முதல் ஸ்லைடில் போடுகிறார்கள். "அவங்கல்லாம் வாராந்திர ஆப்ஷன் வாங்கினவங்க சார். நாம வாங்கப்போறது நீண்ட தவணை. பங்குக்கே மாற்று."

மெப்ஸிலிருந்து கிளம்பும் ஆபீஸ் வண்டியில் என் பக்கத்து சீட்டுக்காரர் இதையே கொஞ்சம் சுருக்கிச் சொன்னார்: "தேய்மானமே கம்மி ப்ரோ." அந்த 'கம்மி'யோடுதான் எனக்குச் சண்டை.

பொருள் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். கூடுவாஞ்சேரியில் மனை வாங்குகிறவர் முன்பணம் கொடுத்து அக்ரிமென்ட் போடுவார். இன்ன விலைக்கு, இன்ன தேதிக்குள் வாங்கும் உரிமை அவருக்கு. தேதி தாண்டினால் முன்பணம் போச்சு. கால் ஆப்ஷன் அதுதான். ஒப்பந்த விலைக்கு ஸ்ட்ரைக் என்று பெயர், முன்பணத்துக்கு பிரீமியம். சந்தை விலையைவிட ரொம்பக் கீழே இருக்கும் ஸ்ட்ரைக்கை, தேதியும் ரொம்பத் தள்ளி இருக்கும்படி வாங்கினால், அந்த ஆப்ஷன் கிட்டத்தட்ட பங்கைப் போலவே ஏறி இறங்கும். நாள்தோறும் கரையும் பகுதியும் சிறியது. அமெரிக்காவில் சிகாகோ ஆப்ஷன் சந்தை 1990இல் இதற்கென்றே நீண்ட தவணை ஆப்ஷன்களைக் கொண்டுவந்தது. யூடியூபில் வரும் உதாரணமெல்லாம் அங்கிருந்து வந்தவை.

இங்கே தனிப் பங்குகளுக்கு அப்படி ஒன்று கிடையாது. ரிலையன்ஸோ இன்ஃபோசிஸோ, மூன்று மாதத்துக்கு மேல் ஆப்ஷன் இல்லை. அதிலும் இப்போது கணக்கு பணத்தில் முடிவதில்லை, பங்காகவே முடிகிறது. எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் ஸ்ட்ரைக் விலையை முழுதாகக் கொடுத்துப் பங்கை எடுத்தாக வேண்டும். கடைசி நான்கு நாட்களிலேயே புரோக்கர் மார்ஜின் கேட்க ஆரம்பித்துவிடுவார். ஆகவே டாடா மோட்டார்ஸை ஸ்லைடில் போட்டு 'பங்குக்கு மாற்று' என்று நடத்துகிறவர், இந்தியாவில் இல்லாத பொருளை விற்கிறார். நீண்ட தவணை உண்மையில் இருப்பது நிஃப்டி போன்ற குறியீட்டுக்குத்தான். சில ஆண்டுகள் தள்ளி வரும் ஜூன், டிசம்பர் தவணைகள் அதில் உண்டு.

சரி, நிஃப்டியையே எடுத்துக்கொள்வோம். நிஃப்டி 25,000. ஓராண்டு தவணை, ஸ்ட்ரைக் 20,000. வட்டி ஆறரை சதவீதம் என்று வைத்துப் போட்டால் நியாய விலை ஏறத்தாழ 6,100 வரும். இதில் 5,000 இன்றே உள்ளிருக்கும் மதிப்பு. மீதி 1,100 கரையப் போவது. ஹாலில் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: "வருஷம் முழுக்க 1,100தான் சார், 25,000க்கு நாலரை பர்சென்ட்கூட இல்ல."

அந்த 1,100 எதனால் ஆனது? விற்பவர் உங்களுக்காகக் குறியீட்டை இன்றே 25,000 கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார். நீங்கள் இப்போது கொடுக்காத 20,000 அவர் கைப்பணம். அதற்கு ஓராண்டு வட்டி சுமார் 1,260. இடையில் வரும் டிவிடெண்ட் அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. அதில் 325 கழிந்து 935. மிச்சம் 165தான், 20,000க்குக் கீழே போனால் உங்கள் நஷ்டம் நின்றுவிடும் என்பதற்கான காப்பீட்டுக் கட்டணம். அதாவது 'மெதுவான தேய்மானம்' என்பதில் பெரும்பகுதி வட்டி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதால் மெதுவாகத் தெரிகிறது. வீட்டுக்கடன் ஈஎம்ஐயும் மெதுவாகத்தான் போகிறது, அதை யாரும் தேய்மானம் என்று கொஞ்சுவதில்லை.

2025இல் ஒரு லாட் 75. பிரீமியம் 4,57,500 ரூபாய். அதைக் கொடுத்து 18,75,000 ரூபாய்க் குறியீட்டின் ஏற்ற இறக்கத்தை வாங்குகிறீர்கள். இதை ஒழுங்காகச் செய்கிறவர் யார்? 18.75 லட்சமும் கையில் இருந்து, மீதி 14.17 லட்சத்தை டெபாசிட்டில் போடுகிறவர். அவருக்கு வட்டியாக ஏறத்தாழ 92,000 வரும். கரைவது 82,500. இரண்டும் நேராகிவிடும். நிஃப்டி 38 சதவீதம் விழுந்தாலும் அவர் கையில் 15 லட்சம் இருக்கும், பங்கு வைத்திருந்தவருக்கு 11.6 லட்சம்தான். இதை ஒப்புக்கொள்கிறேன், இது நல்ல காப்பீடு.

ஆனால் அந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர் அவரல்ல. குரோம்பேட்டையில் வாடகை கொடுத்து, நாலரை லட்சம் சேர்த்து வைத்திருக்கும் ஆள். மீதி 14 லட்சம் அவரிடம் இல்லவே இல்லை. அவர் செய்வது பதினைந்து லட்சம் கடன் வாங்கிக் குறியீடு வாங்குவது. வங்கி மேலாளர் கையெழுத்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆண்டு முடிவில் நிஃப்டி 20 சதவீதம் குறைந்து 20,000இல் நின்றால், பங்கு வைத்திருப்பவருக்கு ஐந்தில் ஒரு பங்கு நஷ்டம். இவருக்கு முழுதும் பூஜ்யம்.

பங்குக்காரர் காத்திருக்கலாம். 'மாற்று' என்ற சொல் மறைப்பது இதைத்தான். 2020 ஜனவரியில் நிஃப்டி 12,300 அருகே இருந்தது. அப்போது ஜூன் தவணைக்கு 10,000 ஸ்ட்ரைக் வாங்கியவர் பாதுகாப்பாகத்தான் உணர்ந்திருப்பார், 2,300 உள்ளே இருக்கிறதே! மார்ச் 23 அன்று 7,610. பிறகு மீண்டது. ஆனால் ஜூன் எக்ஸ்பைரியில் 10,300 அருகேதான் நின்றது. அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 300. நவம்பரில் நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டியது. பங்கு வைத்துத் தூங்கியவருக்கு எதுவும் ஆகவில்லை. இருவரும் கணித்தது ஒன்றுதான், அது சரியாகவும் இருந்தது. ஒருவருக்கு மட்டும் தேதி முடிந்துவிட்டது.

வரியைப் பற்றி அந்த ஹாலில் மூச்சே விடமாட்டார்கள். இண்டெக்ஸ் ஃபண்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். ஆப்ஷனை மூன்று வருடம் வைத்திருந்தாலும் அது வியாபார வருமானம். ஐடி ஊழியருக்கு அது 30 சதவீத அடுக்கில் போய் உட்காரும். நிஃப்டி 28,000 ஆனால் ஆப்ஷன்காரர் லாபம் 1,42,500, வரி 42,750. அதே அளவு ஃபண்டில் லாபம் 2,25,000, வரி 12,500.

இன்னொன்று, வாங்க முடியுமா என்பது. கூட்டமெல்லாம் இந்த வாரத் தவணையில் நிற்கிறது. ஓராண்டு தள்ளி, ஆழமான ஸ்ட்ரைக்கில் ஆள் நடமாட்டமே குறைவு. வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை, நடுவே பள்ளம். அந்தப் பள்ளம் 300 புள்ளி என்றால் ஒரு லாட்டுக்கு 22,500 ரூபாய், உள்ளே நுழைந்த நிமிடமே போய்விடும். கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது, அது நேற்றையதாகக்கூட இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? விற்கிறவர் கேட்கும் விலையை வைத்து ஒரு வரிக் கணக்கு:

```
(premium - (spot - strike)) / strike / years
```

நம் உதாரணத்தில் 1,100ஐ 20,000ஆல் வகுத்தால் ஐந்தரை சதவீதம். இதோடு நீங்கள் இழக்கும் டிவிடெண்டையும் கூட்டினால் கடனின் உண்மை விலை ஏழு சதவீதத்தை ஒட்டி வரும். கேட்கும் விலை 6,400 என்றிருந்தால் கணக்கே ஏழு காட்டும், டிவிடெண்டோடு எட்டரை. அப்போது அதை உங்கள் வீட்டுக்கடன் விகிதத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஹாலில் கை தூக்கச் சொல்வார்கள் இல்லையா, அப்போது கேளுங்கள்: "சார், அடுத்த டிசம்பர் நிஃப்டி, இருபது பர்சென்ட் கீழே ஸ்ட்ரைக். இப்ப வாங்குற விலை என்ன, விற்குற விலை என்ன? ஸ்க்ரீன்ல காட்டுங்க."

நான் கேட்டேன். டீ பிரேக் விட்டார்கள்.