காயில் வேலையை வெளியே கொடுக்கலாமா?

கேள்வி: "தனி ஆளாக நீர்மூழ்கி மோட்டார் பழுது பார்க்கிறேன். சொர்ணவாரி சமயத்தில் ஒரே வாரத்தில் ஏழெட்டு மோட்டார் வந்துவிடுகிறது. காயில் கட்டும் வேலையை வெளியே கொடுக்கலாமா? கெட்டுப்போனால் பழி என் மேல்தானே வரும்?"
- வாசகர், கும்மிடிப்பூண்டி வட்டம்

பதில்: கொடுக்கலாம். காயில் கட்டுவதும் லேத் வேலையும் வெளியே போகட்டும். மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பதையும், கடைசியாகச் சோதிப்பதையும் மட்டும் யாரிடமும் விடக்கூடாது.

பிரிக்கும்போதே கருகியதற்கான காரணம் தெரியும். ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் காயில் மட்டும் கருகி, ஒன்று நல்லபடியாக இருந்தால், ஒரு பேஸ் வராமலேயே மோட்டார் ஓடியிருக்கிறது. ஸ்டார்ட்டரைச் சரிசெய்யாமல் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் மறுபடி கருகும். அப்போது பழி காயில் கட்டியவர் மேல் விழும்.

பழைய கம்பியை வெட்டுவதற்கு முன் சுற்றுகளின் எண்ணிக்கை, காயில் எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்குப் போகிறது, செம்புக் கம்பியின் தடிமன் ஆகியவற்றை நோட்டில் எழுதி, அதன் நகலைக் கட்டுபவரிடம் கொடுக்க வேண்டும். கம்பியை வாங்கி, எடை போட்டுக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. அவருக்குக் கூலி மட்டும். மிச்சத் துண்டுகளும் திரும்பி வரவேண்டும். மெல்லிய கம்பி போடும் ஆசைக்கு இதில் இடமே இல்லை. பழைய செம்பு யாருக்கு என்பதை விவசாயியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பட்டறைகளில் பாதிச் சண்டை அதில்தான்.

கட்டி வந்ததும் மூன்று பேஸின் மின்தடையையும் அளந்தால் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் சுற்று குறைந்திருக்கலாம், அல்லது உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று பட்டிருக்கலாம். பிறகு, முனைகள் மட்டும் வெளியே நிற்க, ஸ்டேட்டரை டிரம் தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் 500 வோல்ட் மெகரில் காயிலுக்கும் உடலுக்கும் இடையே பாருங்கள். காய்ந்த நிலையில் நல்லபடி காட்டிய காயில், கம்பியின் உறையில் ஊசிமுனைக் கீறல் இருந்தாலும் இங்கே மாட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு மெகா ஓமுக்கு இறங்கினால் அப்படியே திருப்பி அனுப்பலாம். மறுபடி கட்டக் கூலி கிடையாது, வீணான கம்பியின் விலை யாருடையது என்பதை முதல் நாளே பேசியிருக்க வேண்டும்.

பூட்டியபின் உள்ளே தண்ணீர் நிரப்பித்தான் ஓட்டிப் பார்க்கலாம். வெறுமனே ஓட்டினால் புஷ் தேய்ந்துவிடும். டாங் டெஸ்டரில் மூன்று வயரிலும் கரண்ட் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சிப்காட் பக்கம் லேத்துக்குக் குறைவில்லை. ஆனால் கம்பெனி ஆர்டர் நிறைய வைத்திருக்கும் பட்டறையில் உங்களுடைய ஒரு புஷ் ஒரு வாரம் கிடக்கும். அதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிடும். சின்ன லேத்தாகப் பாருங்கள். காயில் கட்டுபவரிடமும் சீசனுக்கு முன்பே ஒரே ஒரு மோட்டாரைக் கொடுத்துப் பாருங்கள். அது ஒரு போகம் ஓடியபின் அடுத்ததைக் கொடுக்கலாம்.