அவையறியாத நினைவு

ஓர் அலுவலகத்தின் வாராந்திரக் கூட்டம் காணொளி வழியாக நடந்துகொண்டிருக்கிறது. எட்டுப் பேர் கலந்துகொண்டுள்ளனர். புதிய ஊழியர்களுக்கான மாலை நேரப் பயிற்சி வகுப்புகளை எந்தெந்த நாள்களில் நடத்தலாம் என்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. பயிற்சிக்குப் பொறுப்பான அதிகாரி தம் கணினித் திரையை அனைவருடனும் பகிர்ந்துகொண்டு, தாம் நாள்தோறும் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியைத் திறக்கிறார். ஆறு வகுப்புகளுக்கு ஒரு கால அட்டவணை வேண்டும் என்று தட்டச்சு செய்கிறார்.

சில விநாடிகளில் அட்டவணை வரி வரியாகத் தோன்றுகிறது. அதன் கீழே ஒரு குறிப்பும் வருகிறது. அதிகாரி வியாழக்கிழமை மாலைகளில் மனநல ஆலோசகரைச் சந்திப்பதால் அந்த நாள் தவிர்க்கப்பட்டுள்ளது என்கிறது அக்குறிப்பு. அவர் பதறிப்போய்த் திரைப்பகிர்வை நிறுத்துகிறார். ஆனால், மற்ற ஏழு பேரும் அதைப் படித்துவிட்டார்கள். கூட்டம் பதிவு செய்யப்பட்டிருந்தால், அந்த வரி பதிவிலும் இருக்கும். குடும்பத்தாரிடம்கூட அவர் சொல்லாத செய்தி அது.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். எனினும், நினைவு வசதியுள்ள செயலிகள் இயங்கும் முறையைப் பார்த்தால், இப்படி நடக்க வாய்ப்பு உண்டு என்பது புரியும். இத்தகைய சூழலில் பலரும் உடனே சொல்லும் கருத்து, “அவர் கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்பதே. அக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், பழி முழுவதையும் பயனர்மீது சுமத்துவது சரியன்று.

முதலில், நினைவு வசதி என்றால் என்ன என்று பார்ப்போம். முன்பெல்லாம் உரையாடல் செயலிகள் ஓர் உரையாடல் முடிந்ததும் அதை மறந்துவிட்டன. அடுத்த முறை பயனர் மீண்டும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. இந்தக் குறையைப் போக்கவே நினைவு வசதி வந்தது. சாட்ஜிபிடி செயலியில் 2024 பிப்ரவரியில் இது சோதனை முறையில் அறிமுகமானது. 2025 ஏப்ரலில், பழைய உரையாடல்களிலிருந்தும் செய்திகளை எடுத்துப் பயன்படுத்தும் வகையில் அது விரிவாக்கப்பட்டது. வேறு பல செயலிகளிலும் இத்தகைய வசதி உள்ளது.

இவ்வசதி மனிதரின் நினைவைப் போன்றதன்று. பயனரைப் பற்றிய செய்திகள் சிறு குறிப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. பயனர் புதிதாக ஒன்றைக் கேட்கும்போது, அந்தக் குறிப்புகள் கேள்வியோடு சேர்த்து அனுப்பப்படுகின்றன. இரண்டையும் ஒன்றாகப் படித்தே செயலி பதிலை உருவாக்குகிறது. நம் அதிகாரி சில வாரங்களுக்குமுன், தூக்கமின்மை பற்றி இரவில் அதே செயலியிடம் பேசியபோது, வியாழக்கிழமைச் சந்திப்பைக் குறிப்பிட்டிருக்கலாம். அது ஒரு குறிப்பாகத் தங்கிவிட்டது. இப்போது அவர் கேட்டது கால அட்டவணை. சேமித்த குறிப்போ அவர் எந்த நேரத்தில் ஓய்வாக இல்லை என்பதைச் சொல்கிறது. இரண்டும் பொருந்தியதால் அக்குறிப்பு பதிலில் இடம்பெற்றது.

ஆகவே, இங்குச் செயலி பழுதாகவில்லை. தனக்கு இட்ட வேலையைச் சரியாகவே செய்தது. அதிகாரி தனியாக அமர்ந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அந்தப் பதிலைப் பார்த்து மகிழ்ந்திருப்பார். அன்று மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பார்ப்பவர்கள் மாறியிருந்தார்கள். திரையைப் பகிர்வது கூட்டத்தை நடத்தும் வேறொரு மென்பொருள். அது பகிர்வு நடப்பதை உரையாடல் செயலிக்குத் தெரிவிப்பதில்லை என்றால், எதிரே ஒருவர் இருக்கிறாரா எட்டுப் பேர் இருக்கிறார்களா என்பதைச் செயலி அறிய வழியில்லை.

மனிதர்களிடையே இந்த அறிவு இயல்பாக அமைந்துள்ளது. ஒரு நல்ல உதவியாளருக்குத் தம் மேலாளரின் மருத்துவச் சந்திப்பு தெரிந்திருக்கும். கூட்டத்தில் அவர், “வியாழக்கிழமை ஒத்துவராது” என்று மட்டும் சொல்வார், காரணத்தைச் சொல்லமாட்டார். அவையறிதல் என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. எதிரே இருப்பவர் யார் என்று அறிந்து பேசுவதை நம் முன்னோர் ஒரு தனிப் பண்பாகப் போற்றினர். இந்தச் செயலிக்கு நினைவு இருக்கிறது; அவையறிவு இல்லை.

தனிமனித மறைகாப்பு பற்றி எழுதிவரும் ஹெலன் நிசன்பாம் என்ற அறிஞர், 2004-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு செய்தி எந்தச் சூழலில் சொல்லப்பட்டதோ, அந்தச் சூழலின் நெறிக்கு ஏற்பவே அது நகர வேண்டும் என்பது அதன் சாரம். மருத்துவரிடம் சொன்னது மருத்துவரிடம் இருப்பது முறை. அதே செய்தி அலுவலகத்திற்குச் சென்றால், யாரும் திருடாவிட்டாலும் மறைகாப்பு குலைந்துவிடுகிறது. இந்தக் கருத்தைக் கொண்டு பார்த்தால் குறை எங்கிருக்கிறது என்பது விளங்கும். இரவில் தனிமையில் சொன்னதையும் பகலில் அலுவலகத்திற்காகக் கேட்டதையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்ததே குறை.

எனவே, செயலிகளை வடிவமைப்போர் நினைவைச் சூழல்வாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். உடல்நலம், மனநலம், குடும்பச் சிக்கல் போன்றவற்றைச் சேமிக்கும் முன்னரே பயனரின் ஒப்புதலைப் பெற வேண்டும். நாளைத் தவிர்க்கலாம், காரணத்தைக் கேட்காமல் எழுதக்கூடாது. இதனால் செயலியின் பயன் சற்றுக் குறையலாம். சில வேளைகளில் பயனர் ஒரு செய்தியை இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கலாம். ஒரு மனிதரின் மானத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய விலையே.

அந்த மாற்றம் வரும்வரை பயனர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பதிலை முன்கூட்டியே பெற்று, படித்துப் பார்த்து, முடிந்த ஆவணத்தை மட்டும் கூட்டத்தில் காட்டுவதே மிகப் பாதுகாப்பான வழி. முழுத் திரைக்குப் பதிலாக ஒரு சாளரத்தை மட்டும் பகிர்வது நல்ல பழக்கம்தான். ஆனால், பகிரப்படும் சாளரமே உரையாடல் செயலி என்றால் அது உதவாது. நினைவைப் பயன்படுத்தாத தற்காலிக உரையாடல் முறை சில செயலிகளில் உள்ளது. அலுவலகத்திற்கும் சொந்த வாழ்வுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்வதும் நன்று. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பழைய உரையாடலை அழித்தால் அதிலிருந்து எடுக்கப்பட்ட குறிப்பும் அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பல வேளைகளில் அப்படி அழிவதில்லை. அமைப்புகள் பகுதிக்குச் சென்று, சேமித்த குறிப்புகளைத் தனியே பார்த்து நீக்க வேண்டியிருக்கும்.

அன்று அந்த வரியைப் படித்த ஏழு பேருக்கும் ஒரு கடமை உண்டு. மனநல ஆலோசனை பெறுவது வெட்கப்பட வேண்டிய செயலன்று. ஆனாலும், அதைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்த அதிகாரிக்கே உரியது. கண்ணில் பட்டதை வேறெங்கும் பேசாமல், அட்டவணையைப் பற்றிய பேச்சைத் தொடர்வதே அவர்கள் செய்யத்தக்கது. கருவிக்கு இல்லாத அவையறிவு, அந்த அவையில் இருப்பவர்களுக்காவது இருக்க வேண்டும்.