நடுவில் நிற்கும் இரண்டு வண்டிகள்

ஏலூர் பெரியாற்றங்கரை ஊர். உர ஆலையும் வேதிப்பொருள் ஆலைகளும் நிறைந்தது. அங்கே ஆறு உண்டு, கடற்கரை இல்லை. கடற்காற்று வேண்டுவோர் மட்டாஞ்சேரியைத் தாண்டி, சீனவலைகள் நிற்கும் போர்ட்டுக் கொச்சிக் கரைக்குத்தான் வரவேண்டும். அப்படி வருவோரிடம் பொதுவாக எழும் முறையீடு ஒன்று உண்டு: தள்ளுவண்டிகளெல்லாம் ஒரே இடத்தில் மொய்த்துக்கொண்டு நிற்கின்றன, கரையின் இரு கோடியிலும் தாகத்துக்குக் குடிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. வியாபாரிகளுக்கு ஒழுங்கு தெரியாது என்பது ஒன்று. சந்தை தானாகக் கண்டடைந்த நல்ல ஏற்பாடு அது என்பது மற்றொன்று. வகுப்பறையில் நாஷ் சமநிலையைப் படித்தவர்களும் இவ்விரண்டில் ஒன்றைச் சொல்வதுதான் வருத்தத்துக்குரியது. இரண்டுமே தவறு.

கணக்கை எளிதாக வைத்துக்கொள்வோம். கரையின் நீளம் 1000 மீட்டர். அதன் மேல் 500 பேர் சீராகப் பரவி அமர்ந்திருக்கிறார்கள். சர்பத் விற்பவர் இருவர். சரக்கும் ஒன்று, விலையும் ஒன்று. ஆகவே ஒவ்வொருவரும் தமக்கு அருகிலுள்ள வண்டிக்கே செல்வார்கள். முதல் வண்டி 250ஆம் மீட்டரிலும் இரண்டாம் வண்டி 750ஆம் மீட்டரிலும் நின்றால் ஆளுக்கு 250 பேர். வாங்க வருபவர் சராசரியாக 125 மீட்டர் நடந்தால் போதும். இதைவிட நல்ல ஏற்பாடு இரண்டு வண்டிகளைக் கொண்டு செய்ய இயலாது.

ஆனால் இந்த ஏற்பாடு நிலைக்காது. முதல் வண்டிக்காரர் தமது வண்டியை 450க்குத் தள்ளிக்கொண்டு வருகிறார். இருவருக்கும் நடுவிலான எல்லை இப்போது 600ஆம் மீட்டர். இடப்பக்கத்து ஆட்கள் வேறெங்கும் போக வழியில்லாமல் அவரிடமே வருவார்கள். புதிதாக 50 பேரும் சேர்கிறார்கள். அவருக்கு 300, மற்றவருக்கு 200. மற்றவர் சும்மா இருப்பாரா? முதல்வருக்கு ஒட்டினாற்போல் 460இல் வந்து நிற்கிறார். வலப்பக்கம் முழுவதும் அவருடையதாகிறது. ஏறத்தாழ 272 பேர். உடனே முதல்வர் அவரைத் தாண்டி 470க்குப் போகிறார். இந்தத் தாண்டாட்டம் இருவரும் 500ஆம் மீட்டரில் தோளோடு தோள் நிற்கும்போதுதான் ஓய்கிறது. அங்கிருந்து ஒருவர் 20 மீட்டர் விலகினாலும் 250 என்பது 245 ஆகிவிடும். மற்றவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார் என்று வைத்துக்கொண்டால், எவருக்கும் தனியாக நகர்வதில் ஆதாயமில்லை. நாஷ் சமநிலை என்று சொல்லப்படுவது இவ்வளவுதான்.

ஜான் நாஷ் இதற்குப் பொது நிறுவல் தந்தது 1950இல். இந்தக் கணக்கின் மூலம் அதற்கும் 21 ஆண்டுகள் முந்தையது. ஹெரால்டு ஹோட்டெலிங் 1929இல் எழுதிய கட்டுரை. அதில் கடற்கரையே கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அவர் சொன்னது ஒரு நகரத்துக் கடைத்தெரு அல்லது நீண்ட ரயில் பாதை. மணலும் வண்டியும் பின்னால் வந்து சேர்ந்தவை.

இப்போது தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஆளுக்கு 250 பேர். முடிவிலும் ஆளுக்கு 250 பேர். வியாபாரிகள் ஒரு ரூபாயும் கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை. வாங்குபவரின் சராசரி நடை மட்டும் 125இலிருந்து 250 மீட்டராக இரட்டித்திருக்கிறது. ஐந்நூறு பேருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் போகும் நடை மட்டும் 62.5 கிலோமீட்டரிலிருந்து 125 கிலோமீட்டர். யாருக்கும் பயனில்லாத நடை. ஆகவே சமநிலை என்ற சொல்லைக் கேட்டதும் 'நல்லது' என்று தலையாட்டுவது பொருந்தாது. அந்தச் சொல் நன்மையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தனி ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்பதை மட்டுமே சொல்கிறது. தமிழில் 'சமம்', 'நிலை' என்ற இரண்டு நல்ல சொற்களைக் கோத்து அதற்குப் பெயர் வைத்திருப்பதும் இந்த மயக்கத்துக்கு ஓரளவு காரணமாயிருக்கலாம்.

ஒழுங்கில்லாதவர்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் இதே கணக்கு விடை சொல்கிறது. ஓர் அதிகாரி வந்து, நெரிசலைக் குறைக்கும் நல்ல நோக்கத்தோடு, இருவரில் ஒருவரை மட்டும் 250ஆம் மீட்டருக்குப் போகச் சொல்கிறார் என்று கொள்வோம். மற்றவர் 500இலேயே நிற்கிறார். எல்லை 375ஆம் மீட்டருக்கு வந்துவிடும். சொல்பேச்சுக் கேட்டு நகர்ந்தவருக்கு 187 பேர். நகராதவருக்கு 312க்கு மேல். கீழ்ப்படிந்தவர் தமது வியாபாரத்தில் கால் பங்கை இழக்கிறார். மறுநாள் அவர் நடுவுக்குத் திரும்பி வந்தால் அதற்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர். அன்றாட வருவாயில் குடும்பம் நடத்துபவருக்குக் கால் பங்கு என்பது சிறு தொகையன்று. இருவரையும் ஒரே நாளில் 250க்கும் 750க்கும் நகர்த்தியிருந்தால் எவருக்கும் இழப்பில்லை, நடையும் பாதியாகியிருக்கும். ஆனால் அந்த ஏற்பாடு தானாக நிற்காது. முதலில் பார்த்தபடி இருவருக்கும் உள்ளே நகர ஆசை இருக்கும். ஆகவே இடம் ஒதுக்கீடு செய்யப்பட்டு, இருவருக்கும் ஒரே மாதிரி காக்கப்பட வேண்டும்.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் இதற்கு வழியிருக்கிறது. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40க்குக் குறையாத உறுப்பினர்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். சலுகையாக மட்டும் இதைப் படிப்பவர்கள் அதன் உட்பொருளைத் தவறவிடுகிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நகர ஒப்புக்கொள்வதற்கு ஓர் இடம் வேண்டும். தனித்தனியாக எச்சரிக்கைச் சீட்டு கொடுப்பதால் அந்த ஒப்புதல் பிறக்காது. சென்னை மெரினாவில் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 900 வண்டிக் கடைகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. எந்த இடம் யாருக்கு என்ற சண்டைக்குக் குலுக்கல் நல்ல தீர்வு. இடங்களை எங்கெங்கே குறிப்பது என்ற முந்தைய கேள்வியைக் குலுக்கலால் தீர்க்க முடியாது.

அந்த முந்தைய கேள்விக்குப் போகுமுன் இந்தக் கணக்கு எப்போது பொய்க்கும் என்பதைப் பார்த்துவிட வேண்டும். கரையின் கோடியில் இருப்பவர் எவ்வளவு தூரமானாலும் நடந்து வந்து வாங்குவார் என்று இதுவரை கொண்டோம். மாலை நேரத்தில் அது ஏறத்தாழ உண்மை. சித்திரை வெயிலில், நண்பகலில், எவரும் 250 மீட்டருக்கு மேல் நடக்க மாட்டார்கள் என்று மாற்றி வைத்துப் பாருங்கள். இருவரும் நடுவில் நின்றால் 250க்கும் 750க்கும் இடையில் இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். ஆளுக்கு 125 பேர்தான். இப்போது ஒருவர் தனியாக 250க்கு நகர்ந்தால் அவருக்கு 187 பேர். முன்பு பார்த்த அதே நகர்வு, அதே 187. முன்பு அது 250இலிருந்து இறங்கிய இழப்பு. இப்போது 125இலிருந்து ஏறிய ஆதாயம். பிறகு மற்றவரும் 750க்குப் போவார். அங்கே ஆளுக்கு 250. அதற்குமேல் எவர் நகர்ந்தாலும் குறையும். எந்த உத்தரவும் இல்லாமல், நல்ல ஏற்பாடே சமநிலையாகிவிடுகிறது.

ஆகவே களத்தில் முதலில் பார்க்க வேண்டியது வண்டிகள் எங்கே நிற்கின்றன என்பதையன்று. கோடியில் இருப்பவர் நடந்து வந்து வாங்குகிறாரா, வாங்காமலே வீடு திரும்புகிறாரா என்பதை. வாங்காமலே திரும்புகிறார் என்றால், அப்படியும் வண்டிகள் நடுவிலேயே நிற்கின்றன என்றால், காரணம் வேறு. நிழல், குடிநீர்க் குழாய், படகுத்துறை, விரட்டப்படுவோம் என்ற அச்சம் என ஏதாவது ஒன்று அவர்களைக் கட்டிப்போட்டிருக்கும். அங்கே ஹோட்டெலிங்கை மேற்கோள் காட்டுவது நோய் தெரியாமல் மருந்து கொடுப்பது. மட்டாஞ்சேரி யூதத்தெருவில் பழம்பொருள் கடைகள் அடுத்தடுத்து நிற்பதும் இப்படி வேறு வகை. ஒரு விளக்கையோ பெட்டியையோ வாங்க வருபவர் நான்கு கடை ஏறி இறங்கி ஒப்பிட்டே வாங்குவார். தனித்து நிற்கும் கடைக்கு அவர் வரவே மாட்டார். அங்கே அண்டைக் கடைக்காரர் ஆளைப் பறிப்பவரும் அழைத்து வருபவரும் ஆகிறார். ஒரே மாதிரி சர்பத்துக்கு எவரும் நான்கு வண்டி ஏறி இறங்குவதில்லை.

விலையை இதுவரை அசையாமல் வைத்திருந்தோம். அதை வியாபாரிகளின் கையில் கொடுத்தால் ஹோட்டெலிங்கின் முடிவே ஆட்டம் காண்கிறது. ஒரே இடத்தில் ஒரே சரக்கோடு நிற்பவர்களில் ஒருவர் ஒரு ரூபாய் குறைத்தால் எல்லாரும் அவரிடம் போய்விடுவார்கள். போட்டி விலையை அடக்கவிலைக்கே இழுத்துக்கொண்டு போகும். அதற்கு அஞ்சி இருவரும் விலகி நிற்க முயல்வார்கள். ஹோட்டெலிங் விலையையும் சேர்த்தே எழுதினார், எனினும் நெருங்குவார்கள் என்ற முடிவுக்கு வந்தார். அந்த வாதத்தில் இருந்த பிழையை தாஸ்ப்ரமோன், கப்ஸெவிட்ச், திஸ் ஆகிய மூவர் 1979இல்தான் காட்டினார்கள். ஐம்பது ஆண்டுகள்! நடைச்செலவு தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுமானால் இருவரும் கரையின் இரு கோடிகளுக்கே போய்விடுவார்கள் என்றும் அவர்கள் நிறுவினார்கள். பாடநூல்கள் பலவற்றில் இன்றும் நடுவில் நிற்கும் படம் மட்டுமே இருக்கிறது. விலை அசையாது என்ற நிபந்தனை அடிக்குறிப்பிலும் இருப்பதில்லை.

மூன்றாவது வண்டி வந்தால் என்ன ஆகும் என்பதையும் மாணவர்கள் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். விலை நிலையானது, எல்லாரும் நடப்பார்கள் என்ற பழைய நிபந்தனைகளோடுதான். மூவரும் நடுவில் நின்றால் ஆளுக்கு ஏறத்தாழ 167. ஒருவர் 490க்கு நகர்ந்தால் 247. மற்றொருவர் அவரைத் தாண்டி 480க்குப் போனால், 490இல் நிற்பவர் இருவருக்கும் நடுவில் சிக்கி 5 பேரோடு நிற்பார். அவர் அங்கிருந்து வெளியே தாவுவார். எங்கே நிறுத்தினாலும் யாரோ ஒருவருக்கு நகர ஆதாயம் இருந்துகொண்டே இருக்கும்; இடம் தேர்வதில் நிலையான முடிவு மூவருக்கு இல்லை. நால்வர் என்றால் மறுபடியும் உண்டு: 250இல் இருவர், 750இல் இருவர், ஆளுக்கு 125 பேர். நடையும் 125 மீட்டராகவே இருக்கும்.

விற்பனை இடங்களைக் குறிக்கும் குழு இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். இருவர் நிற்கும் கரையில் ஒரே நடு இடத்தைக் குறித்துவிட்டு வாங்குபவரை நடக்கவிடுவதா, மூவருக்கு உரிமம் கொடுத்துவிட்டு அவர்கள் ஓயாமல் இடம் மாறுவதற்கு அபராதம் விதிப்பதா, நால்வரை இரண்டு இணைகளாக நிறுத்துவதா என்பது அந்தத் தாளில் தெரியும். எத்தனை உரிமம் என்ற எண்ணைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் இப்போது வழக்கமாகப் பேசப்படுவது நடைபாதையின் அகலம் மட்டுமே.