உயில் பிணத்தைக் கட்டுப்படுத்துமா?

“எரிக்கணுமா, புதைக்கணுமா என்று உயிலில் எழுதிவிட்டால் போதும், குடும்பத்தில் சண்டையே வராது” என்கிறார்கள். இறந்தவரின் விருப்பமே முதன்மை என்ற எண்ணத்தில் பிறந்த வாதம் இது. எண்ணம் நியாயமானது. வாதம் தவறு.

முதலில், இங்கிலாந்தில் 1882-இல் தீர்ப்பான வில்லியம்ஸ் வழக்கைப் பாருங்கள். ஹென்றி குரூக்கெண்டன் தன் உடலைத் தோழி எலைசா வில்லியம்ஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உயிலின் பிற்சேர்க்கையில் எழுதினார். உடலை எரிக்கும்படி அவருக்குக் கடிதமும் கொடுத்திருந்தார். 1875-இல் அவர் இறந்ததும் மனைவியும் மகனும் கத்தோலிக்க முறைப்படி புதைத்துவிட்டார்கள். எலைசா விடவில்லை. வேறு இடத்தில் புதைக்கப்போவதாகச் சொல்லி அனுமதி வாங்கித் தோண்டியெடுத்தார். இத்தாலிக்குக் கொண்டுபோய் மிலானில் எரித்தார். பிறகு செலவைக் கேட்டு உயிலை நிறைவேற்றுபவர்கள்மீது வழக்குப் போட்டார். (துணிச்சல்தான்!) நீதிபதி கே மறுத்தார்.

ஏன்? உயில் சொத்தைப் பிரிக்கும் பத்திரம். பிணம் யாருடைய சொத்தும் அல்ல. சொத்தல்லாததை உயிலில் எப்படி எழுதிவைப்பது? உடலைக் கையில் வைத்து அடக்கம் செய்யும் கடமையும் உரிமையும் உயிலை நிறைவேற்றுபவருக்கே உண்டு என்றது தீர்ப்பு.

இரண்டாவது, உயிலை எப்போது பிரிக்கிறோம்? பெரும்பாலும் காரியமெல்லாம் முடிந்த பிறகு. அதற்குள் சாம்பல் கரைத்தாயிற்று. அப்புறம் யாரிடம் வழக்காடுவது?

அந்தச் சட்டத்தின்கீழ் எலைசாவுக்கு உதவியிருக்கக்கூடியது ஒன்றே: குரூக்கெண்டன் அவரையே உயிலை நிறைவேற்றுபவராக நியமித்திருக்க வேண்டும். அவர் நியமித்ததோ வேறு ஆட்களை.